‘சாப்பிட்டுப் போங்கண்ணே’யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? முறைச்சொல் மொழிபெயர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக உட்காருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையை உதாரணம் காட்டினால் தலை சுற்றிவிடும். அதனால் இதற்கென்றே நான் கட்டிவைத்திருக்கும் ஒரு சின்னக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ராசாத்திக்கு வயது 19. அப்பா சுப்பையா. அப்பாவின் அக்கா பேச்சியம்மாள் அடுத்த தெருவில் இருக்கிறாள், அவள் மகன் கதிரேசன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறான். ராசாத்தி கதிரேசனுக்குத்தான் என்பது ஊரறிந்த பேச்சு. ஆனால் சுப்பையா கடைசியில் தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு மகளை நிச்சயம் செய்துவிடுகிறார். மறுநாள் காலையில் கதிரேசன்தான் வாடகைப் பாத்திரங்களையெல்லாம் கழுவி எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நிற்கிறான். அன்றுவரை அவனை ‘அத்தான்’ என்றே கூப்பிட்ட ராசாத்தி உள்ளே இருந்தபடி, ‘சாப்பிட்டுப் போங்கண்ணே’ என்கிறாள். அவன் கொஞ்சம் நின்றுவிட்டு, ‘இருக்கட்டும்மா’ என்று சொல்லி சைக்கிளை எடுக்கிறான். அவ்வளவுதான் கதை.

மாமா என்றால் அங்கிள், அத்தை என்றால் ஆன்ட்டி, மற்ற எல்லாரும் கசின். இதில் என்ன பெரிய சிக்கல்?

அங்கிள் என்ற சொல் அப்பாவின் தம்பியையும் அம்மாவின் தம்பியையும் ஒரே பெட்டியில் போடுகிறது. தமிழில் அந்த இருவரும் வேறு வேறு கரையில் நிற்கிறவர்கள். அப்பாவோடு பிறந்த ஆண்கள் எல்லாரும் ஒருவகையில் அப்பாதான், பெரியப்பா, சித்தப்பா என்று பேரிலேயே அப்பா இருக்கிறார். அம்மாவோடு பிறந்த பெண்களும் அதே மாதிரி அம்மாதான். அதனால் அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. அங்கே கல்யாணப் பேச்சுக்கு இடமே கிடையாது. அம்மாவின் அண்ணன் தம்பியும் அப்பாவின் அக்கா தங்கச்சியும் மாமா, அத்தை. அவர்கள் பிள்ளைகள்தான் கட்டிக்கொள்ளும் முறை. மாமனாரையும் மாமா என்றும், மாமியாரையும் அத்தை என்றும் கூப்பிடுவது இதன் நீட்சிதான்.

அதாவது ஒரு முறைச்சொல்லைக் கேட்டதும் மூன்று விஷயம் நமக்குத் தெரிந்துவிடுகிறது: எந்தப் பக்கத்து உறவு, மூத்தவரா இளையவரா, கட்டிக்கொள்ளலாமா கூடாதா. கசின் என்ற சொல்லில் இந்த மூன்றும் இல்லை, ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. ராசாத்தியின் கதையில் அத்தானும் கசின், சித்தப்பா மகனும் கசின் என்று எழுதிவிட்டால் கதையின் சிக்கலே ஆங்கில வாசகர் கண்ணில் படாது. அவர் பாட்டுக்கு ‘ஒரு கசின் பாத்திரம் கழுவினான், பாவம்’ என்று படித்துவிட்டுப் போய்விடுவார்.

மொழிபெயர்க்க ஆரம்பிக்கும் முன்னால் என்ன செய்துவைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு தாளில் கோடு போட்டு நான்கு பத்தி: யார் சொல்கிறார், யாரைச் சொல்கிறார், என்ன சொல், ரத்தத்திலோ கல்யாணத்திலோ உண்மையான உறவு என்ன. குடும்ப மரம் வரைவது போதாதா என்று கேட்பார்கள். போதாது. மரத்தில் ஆட்கள்தான் தெரிவார்கள், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியாது.

நம் கதைக்கு இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை வெளியே வரும். ராசாத்தி பேச்சியம்மாளை ‘அத்தை’ என்கிறாள், அவள் அப்பாவின் அக்கா. கதிரேசன் ராசாத்தியின் அம்மாவை ‘அத்தை’ என்கிறான், அவள் அவனுடைய தாய்மாமன் மனைவி. ராசாத்தியின் அம்மா பேச்சியம்மாளை ‘மதினி’ என்கிறாள், வேறு ஊராக இருந்தால் நாத்தனார் என்று சொல்லப்படும் உறவு. ஆக ஒரே வீட்டுக்குள் இரண்டு அத்தை, ஒரே பேச்சியம்மாளுக்கு இரண்டு பெயர். மூன்று பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஆங்கில வாசகர் இங்கே கட்டாயம் தொலைந்துபோவார். தாளில் இருந்தால் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரியும்.

அப்புறம், அந்தத் தாளில் ஒரே ஜோடிக்குள் சொல் மாறுகிற இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துவையுங்கள். ராசாத்தி–கதிரேசன் ஜோடியில் பத்து இடத்தில் அத்தான் வந்து, பதினோராவது இடத்தில் அண்ணே வருகிறது. நம் உழைப்பில் பாதி அந்த ஓர் இடத்துக்குப் போக வேண்டும். மற்ற பத்தும் அதற்கான தயாரிப்பு.

அந்த ‘போங்கண்ணே’யை நீங்களே எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? படிப்படியாகக் காட்ட முடியுமா?

முதல் முயற்சி எல்லாருக்கும் வருவதுதான்: ‘ஈட் பிஃபோர் யூ கோ, பிரதர்.’ இது ஏன் விழுகிறது என்றால், ஆங்கிலத்தில் கூடப்பிறந்தவனை யாரும் பிரதர் என்று கூப்பிடுவதில்லை. அந்த விளி காதில் விழுந்ததும் மடத்துச் சாமியாரோ தொழிற்சங்கக் கூட்டமோதான் ஞாபகம் வரும். போதாததற்கு, அவள் பாசத்தோடு கூப்பிடுகிறாள் என்ற எதிர்ப்பொருளும் ஏறிவிடும்.

இரண்டாவது முயற்சியாக, ‘ஈட் பிஃபோர் யூ கோ’ என்று மட்டும் எழுதிவிட்டு விளியைத் தூக்கிவிடலாம். ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், கதை செத்துவிடும்.

மூன்றாவது, விளக்கம் சேர்ப்பது. அண்ணன் என்று கூப்பிட்டதன் மூலம் இனி அவனைக் கட்டிக்கொள்ளும் முறை இல்லை என்று அவள் உணர்த்தினாள், என்கிற மாதிரி ஒரு வாக்கியம். பொருள் சரிதான். ஆனால் மூல ஆசிரியர் அடக்கிவைத்த ஒரே விஷயத்தை நாம் போட்டு உடைத்துவிட்டோம். இதைச் செய்த கையெழுத்துப் பிரதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

நான் இப்போது செய்வது, வேலையைக் கதையின் முன்பகுதிக்குத் தள்ளிவிடுவது. கடைசி வரியில் ஒன்றையும் விளக்கக் கூடாது என்றால், வாசகர் அங்கே வந்து சேரும்போது அவருக்கு இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும்: அத்தான் என்றால் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவன், அண்ணன் என்றால் முறை இல்லாதவன். அதனால் இந்த இரண்டையும் முதல் பக்கத்திலிருந்தே தமிழிலேயே விட்டுவிடுகிறேன். பெரும்பாலும் மூலத்திலேயே கைகொடுக்க ஏதாவது இருக்கும். நம் கதையில் பாட்டி ஓர் இடத்தில் சின்ன ராசாத்தியைக் கேலி செய்கிறாள்: ‘அத்தான்னு கூப்பிடுடி. அண்ணன்னு கூப்பிட்டா அப்புறம் உன்ன யாரு கட்டுவா?’ தமிழ் வாசகருக்கு அது வெறும் கேலி. ஆங்கில வாசகருக்கு அதுதான் பாடம். அந்த வரியில் அத்தான், அண்ணன் இரண்டையும் அப்படியே வைத்து மீதியை மட்டும் ஆங்கிலமாக்கினால் எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் வாசகர் விதியைக் கற்றுக்கொள்கிறார். கூடவே, ராசாத்தியின் சித்தப்பா மகன் எங்கெல்லாம் வருகிறானோ அங்கெல்லாம் அவனை அண்ணன் என்றே விடுகிறேன். அவன் கதைக்கு முக்கியமில்லாத ஆள்தான், ஆனால் அண்ணன் என்ற சொல்லுக்கு அவன்தான் உதாரணம்.

இதெல்லாம் அமைந்த பிறகு கடைசி வரி ‘ஈட் பிஃபோர் யூ கோ, அண்ணே’ என்று நின்றால் போதும். வாசகருக்கு அது குத்தும்.

மூலத்தில் பாட்டி மாதிரி யாருமே இல்லையென்றால்? ஆசிரியரிடம் பேசி, அவர் சம்மதித்தால், அத்தான் முதலில் வரும் இடத்தில் ஐந்தாறு சொல்லுக்குள் ஒரு நூல் இழைப்பேன். ‘அவளுக்கு முறையான அத்தான்’ என்கிற அளவில். கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் சேர்ப்பதில்லை.

கதிரேசன் சொல்லும் ‘இருக்கட்டும்மா’வில் அந்த ‘ம்மா’ இருக்கிறதே, அதையும் காப்பாற்ற முடியுமா?

அதை அப்படியே காப்பாற்ற முடியாது, அதற்கு ஈடு வேறு இடத்தில் செய்ய வேண்டும். அதுவரை அவளை ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டவன் இப்போது ‘ம்மா’ போடுகிறான், அதாவது அவள் சாத்திய கதவுக்கு இவன் தாழ்ப்பாள் போடுகிறான். மூத்தவன் தங்கச்சி முறைப் பெண்ணிடம் பேசும் தொனி அது. ‘ம்மா’வை ஆங்கில எழுத்தில் ஒட்டினால் அவன் ராசாத்தியின் அம்மாவிடம் பேசுகிறான் என்றுதான் படிப்பார்கள்.

ஆங்கிலத்திலும் தூரத்தைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. செல்லமாகக் கூப்பிட்டவரைத் திடீரென்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆங்கிலக் காதுக்கு ஏதோ மாறிவிட்டது என்று தெரியும். அதனால் கதை முழுக்க அவன் வாயில் ‘கேர்ள்’ என்றோ ‘ராசு’ மாதிரி ஒரு சுருக்கப் பெயரோ வைத்துவிட்டு, கடைசியில் மட்டும் ‘ராசாத்தி’ என்று முழுதாகச் சொல்ல வைப்பேன். தமிழில் அவன் பெயர் சொல்லவில்லை, உண்மை. ஆனால் வாசகர் மனதில் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான்.

தமிழ்ச் சொல்லையே விட்டுவிட்டால் வெளிநாட்டு வாசகர் திணற மாட்டாரா? எத்தனை சொல் விடலாம்?

பத்துப் பக்கக் கதைக்கு நான்கைந்து முறைச்சொல் தாராளமாகத் தாங்கும், அதற்கு மேல் போனால் ஆட்களை யார் யாரென்று பிடித்துவைப்பதிலேயே அவர் களைத்துவிடுவார். இது என் கைக்கணக்கு, சட்டம் ஒன்றும் கிடையாது. எதை விடுவது என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இந்த உறவு மாறினால் கதை மாறுமா? அத்தான், அண்ணன், அத்தை மூன்றும் நம் கதையில் விட வேண்டியவை. நிச்சயத்துக்கு வந்த பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் அவர் வேலை, அவரை அப்பாவின் அண்ணன் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு நகரலாம்.

எழுத்துக்கூட்டலில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவார்கள். மாமாவை எம்-ஏ-எம்-ஏ என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கிறவர் அம்மா என்று படிப்பார். மீசை வைத்த தாய்மாமன் சீர்த்தட்டோடு வரும் காட்சியில் அம்மா வந்து நின்றால் எப்படி இருக்கும்! முதல் எழுத்துக்குப் பின் இன்னொரு ஏ சேர்த்துவிடுங்கள். மாமியும் அப்படியே அம்மா ஆகிவிடும் சொல்தான். அண்ணா என்பதை ஏ-என்-என்-ஏ என்று எழுதினால் அது ஒரு ரஷ்யப் பெண்ணின் பெயர். நான் கடைசியில் ‘அண்ணன்’ என்றோ, நம் கதையில் மாதிரி ‘அண்ணே’ என்பதன் ஒலியை ஒட்டியோ எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணன், அண்ணே என்று இரண்டு வடிவம் வந்தால் இரண்டும் ஒரே சொல்தான் என்று வாசகருக்குத் தெரிகிற மாதிரி எழுத்துக்கூட்டல் நெருக்கமாக இருக்கட்டும்.

பெயர் போலக் கூப்பிடும்போது பெரிய எழுத்து, ‘என் அத்தை’ என்று உறவாகச் சொல்லும்போது சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் அம்மா அப்பாவுக்கு இருக்கும் அதே வழக்கம்தான். சாய்வெழுத்து வேண்டாம் என்பது என் கட்சி. ராசாத்திக்கு அத்தை அந்நியச் சொல் இல்லை, அவள் பேச்சில் மட்டும் அது சாய்ந்து நின்றால் அவளே தன் வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறாள்.

ஒரே காட்சியில் இரண்டு அத்தை வந்துவிட்டால் என்ன செய்வது?

சொல்லோடு பெயரைக் கட்டுங்கள். ‘பேச்சி அத்தை’ என்று ராசாத்தி வாயில் வைப்பது தமிழிலும் இயல்பான பேச்சுதான். கதிரேசன் ராசாத்தியின் அம்மாவைக் கூப்பிடும் இடத்தில், பேச்சுக்குள் அத்தையை வைத்துக்கொண்டு பேச்சுக்கு வெளியே கதைசொல்லி வாயால் ‘ராசாத்தியின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்’ என்று ஆளை அடையாளம் காட்டிவிடலாம். சித்திக்கும் இந்தத் தொல்லை உண்டு: அம்மாவின் தங்கச்சி, சித்தப்பாவின் மனைவி, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள், மூவருமே சித்தி. கதையில் எந்தச் சித்தி என்று நமக்கே நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஆசிரியரைக் கேட்டுவிடுவது நல்லது. மாற்றாந்தாய்க் கதை ஒன்றைப் பாசமான சின்னம்மா கதையாக ஆக்கிவிட்டு நிற்கக் கூடாதல்லவா.

நீ, நீங்க, வாடா, போடி. ஆங்கிலத்தில் எல்லாமே யூ தானே?

யூ தான், தப்பிக்க வழி இல்லை. அதனால் மரியாதை ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லில் தேடாமல் வாக்கியத்தின் நடையில் தேட வேண்டும். ‘நீங்க’ போட்டுப் பேசுகிற மருமகள் ஆங்கிலத்தில் கேள்வியாகக் கேட்பாள், சுற்றி வளைப்பாள், விளியைச் சேர்ப்பாள். ‘நீ’ போடும் மாமியார் நேரே ஏவுவாள். இந்த வித்தியாசம் கதை முழுக்கச் சீராக இருந்தால்தான், சண்டையில் மருமகள் ஒரே ஒரு தரம் ‘நீ என்ன சொல்றது?’ என்று இறங்கும்போது வாசகருக்கு அந்த இறக்கம் தெரியும். அந்த இடத்தில் விளியை எடுத்துவிடுங்கள், அல்லது மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வையுங்கள். பெயர் சொல்வது என்ன குற்றம் என்று முன்பே எங்காவது தெரிந்திருக்க வேண்டும்.

டா, டி இரண்டுக்கும் சொல்லுக்குச் சொல் ஈடு தேடாதீர்கள். நண்பர்களுக்குள் நெருக்கம், அப்பா வாயில் அதட்டல், அந்நியன் வாயில் அவமானம் என்று அதற்கு மூன்று முகம். நெருக்கத்துக்கு ‘மேன்’ சில இடத்தில் உதவும், அவமானத்துக்கு ஒரு வசைச்சொல்லே தேவைப்படலாம்.

சின்னதாக இன்னொன்று. ‘எங்க அம்மா’ என்பதை ஆங்கிலத்திலும் பன்மையாகவே ‘அவர் மதர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒற்றைப் பிள்ளை ‘எங்க அம்மா’ என்று சொன்னாலும் அது என் அம்மாதான். ஆனால் கல்யாணமாகி வந்தவள் ஒருநாள் ‘உங்க வீடு’ என்பதை விட்டு ‘நம்ம வீடு’ என்று சொன்னால் அது சும்மா இல்லை, அங்கே நின்று யோசியுங்கள்.

மனைவி கணவனைப் பெயர் சொல்வதே இல்லை. ‘என்னங்க’ என்பதற்கு என்ன போடுவது?

‘டியர்’ போடாதீர்கள், தயவுசெய்து. ‘என்னங்க’வில் கொஞ்சல் இல்லை, பெயரைத் தொடாமல் கவனத்தை மட்டும் தொடும் சொல் அது. பழைய கதைகளில் பெரும்பாலும் அதை மொழிபெயர்க்காமல் செய்கையாக மாற்றிவிடுகிறேன்: அவள் நிலைப்படியில் நின்று தொண்டையைச் செருமுவாள், வளையலைத் தட்டுவாள், இல்லையென்றால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுவாள். அவன் இல்லாதபோது ‘அவங்க’, ‘எங்க வீட்டுக்காரர்’, ‘பெரியவன் அப்பா’ என்று சொல்வதில் ‘பெரியவன் அப்பா’ ஆங்கிலத்தில் அழகாக உட்காரும், அந்தப் பெண்ணின் உலகமும் அதில் கூடவே வந்துவிடும். எல்லா ‘என்னங்க’வையும் எடுத்துவிட்டால், அவள் கோபத்தில் அவன் பெயரை உச்சரிக்கும் இடம் ஒன்று கதையில் இருந்தால் அது தெரியாமல் போய்விடும். அதனால் அவள் பெயர் சொல்வதில்லை என்ற தகவல் முன்பே ஓரிடத்தில் வாசகர் காதில் விழட்டும்.

பஸ் கண்டக்டர், கடைக்காரர் எல்லாரையும் அண்ணே, அக்கா என்கிறோமே, அதையும் தமிழில் விடவா?

பொதுவாக விடலாம், விடாவிட்டாலும் கதை நொண்டாது. ஆனால் நம் கதை மாதிரி அண்ணன் என்ற சொல்லிலேயே எல்லாம் தொங்கும் கதையில் கண்டக்டரையும் அண்ணே என்று விட்டால் நாம் சிரமப்பட்டுக் கற்றுக்கொடுத்த பொருள் நீர்த்துவிடும். அங்கே கண்டக்டருக்குச் சொல்லும் அண்ணேவை ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டிவிடுவேன்.

அக்கா மகளைக் கட்டிக்கொள்ளும் கதை வந்தால் வாசகர் முகம் சுளிப்பாரே?

சுளிக்கலாம். அதற்காக உறவை மறைக்கவும் வேண்டாம், முன்னுரையில் நியாயம் பேசவும் வேண்டாம். ‘அங்கிள்’, ‘நீஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லையும் தவிர்த்தாலே பாதிச் சுளிப்பு குறையும், ஏனென்றால் அந்தச் சொற்களில் கல்யாணத் தடை உள்ளேயே இருக்கிறது, தமிழ் மாமாவில் அது இல்லை. பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள் கட்டிக்கொண்ட பிறகும் மாமா என்றே கூப்பிடுவாள், சொல் மாறாது. ஆங்கிலத்தில் சொல்லை மாற்றினால் இரண்டு வேறு ஆட்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே தடுக்கப்பட்ட உறவுகளில் மாமன்–அக்கா மகள் உறவைச் சேர்த்துவிட்டு, இரு தரப்புக்கும் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கும் கொடுத்திருக்கிறது. எடிட்டர் கேட்டால் சொல்ல இது கையில் இருக்கட்டும், கதைக்குள் வேண்டாம்.

எல்லா ஊரிலும் ஒரே முறைச்சொல் இல்லையே? எனக்குத் தெரியாத வட்டாரக் கதை வந்தால்?

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அகராதியை மட்டும் நம்பாதீர்கள். ‘அப்பச்சி’ என்றால் செட்டிநாட்டில் அப்பா, கொங்கு நாட்டில் அம்மாவைப் பெற்ற தாத்தா. ‘ஆச்சி’ திருநெல்வேலியில் பாட்டி, நகரத்தார் வீட்டில் அக்கா. ஒரு தலைமுறையே தவறிப்போகும், பார்த்தீர்களா? அத்திம்பேர், மன்னி என்று வந்தால் பிராமண வீடு, வாப்பா, உம்மா, லாத்தா என்று வந்தால் முஸ்லிம் வீடு. கதையில் சாதியோ மதமோ வேறெங்கும் சொல்லப்படாமல் இந்தச் சொல்லில் மட்டும் தெரிகிறது என்றால், அத்திம்பேரை ‘பிரதர்-இன்-லா’ ஆக்கும்போது அந்த வீட்டையே வேறு தெருவுக்கு மாற்றுகிறோம். யாழ்ப்பாணக் கதையில் அப்பாவின் அக்கா மாமி, முறைப்பெண் மச்சாள், அண்ணன் அண்ணை. அங்கே நம் பழக்கத்தில் ‘அத்தை’ என்று திருத்திவிடாதீர்கள். தொகுப்பில் பல ஊர்க் கதைகள் இருந்தாலும் முறைச்சொற்களை ஒரே மாதிரி ஆக்கச் சொல்லும் காப்பி எடிட்டரிடம் இதற்காகச் சண்டை போடலாம்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ் தெரியாத ஒருவரிடம் வரைவைக் கொடுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் குடும்பத்தை வரையச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கேள்வி: இதில் யார் யாரைக் கட்டிக்கொள்ள முடியும்? கடைசியில் என்ன நடந்தது? படத்தில் பேச்சியம்மாளை அம்மா வழியில் போட்டிருந்தால் அத்தையை அறிமுகப்படுத்திய இடம் சரியில்லை, அங்கே திரும்பிப் போக வேண்டும். படம் சரியாக இருந்து, கடைசிக் கேள்விக்கு ‘அவள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள், அவனுக்குப் பசியில்லை’ என்று பதில் வந்தால் பாட்டி காட்சியில் கோளாறு, அத்தான்–அண்ணன் விதி அவருக்கு ஏறவில்லை.

நம் கதையின் ஒரு வரைவை மலையாளம் பேசும் தோழி ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தேன், அது தவறான தேர்வு. அவள் வீட்டிலும் முறைப்பெண் உண்டு, அவளுக்கு எல்லாமே தானாகப் புரிந்துவிட்டது. அடுத்து ஒரு வங்காளியிடம் கொடுத்தேன், அவர்கள் வீட்டில் மாமன் மகள் என்றால் தங்கச்சிதான். அவர் கடைசி வரியைப் படித்துவிட்டு, ‘அவனைத்தானே முன்னாடியிருந்து வேற மாதிரி கூப்பிட்டா?’ என்று பக்கங்களைப் பின்னால் புரட்டித் தேடினார். கண்டுபிடித்தார். அந்த வரைவில் அதற்குமேல் நான் கைவைக்கவில்லை.